ஆங்கிலத்துக்குப் போன மின்னஞ்சலைத் திரும்பத் தமிழாக்கிப் பார்த்தால் போதுமா?

நிலா_தலவாக்கலை

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் தோட்டத்து மேல் டிவிஷனில் தண்ணீர்ப் பிரச்சினை. கம்பெனியின் கொழும்பு தலைமை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்புவதாக மாதர் சங்கத்தில் முடிவெடுத்தோம். தமிழில் நாங்கள் எழுதினோம், கொழும்பில் வேலை செய்யும் எங்கள் ஊர்த் தம்பி ஒருவர் அதை ஆங்கிலமாக்கித் தந்தார். சங்கத் தலைவிக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது, ஆனால் அவர் பெயரில்தான் போகிறது, "நான் என்ன சொல்லியிருக்கிறேன் என்று எனக்குத் தெரியாமல் பெயர் போட மாட்டேன்" என்கிறார். நியாயம்தானே. யாரோ சொன்னார்கள் என்று அந்த ஆங்கிலத்தை கூகுள் டிரான்ஸ்லேட்டில் போட்டுத் தமிழாக எடுத்துப் பார்த்தேன். படிக்கும்போது சரியாகத்தான் தெரிகிறது. இது போதுமா? தமிழில் நாங்கள் எழுதியது இது:

"மதிப்புக்குரிய ஐயா, எமது மேல் டிவிஷனில் எல்லா லயன்களுக்கும் தண்ணீர் வருவதில்லை. தாங்கிக்கு வரும் பைப் மூன்று இடத்தில் வெடித்திருக்கிறது. போன மாதம் வந்து பார்த்தார், அறிக்கை இன்னும் கிடைக்கவில்லை. புதிய பைப் வாங்கும் செலவை நாம் பகிர்ந்துகொள்ளலாம். மே 15ஆம் திகதிக்குள் வேலையை முடித்துத் தரவும், அதுவரை கிழமைக்கு இரண்டு தடவை பவுசரில் தண்ணீர் அனுப்பவும் கேட்டுக்கொள்கிறோம். சின்னப் பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறோம்."

ஊவா_கார்த்தி

போதும் அக்கா. நான் ஹோட்டல் வேலையில் தினமும் இப்படித்தான் செய்கிறேன். தமிழைப் போட்டு ஆங்கிலம் எடுப்பேன், அந்த ஆங்கிலத்தைத் திரும்பப் போட்டுத் தமிழ் எடுப்பேன், இரண்டு தமிழும் ஒத்துப்போனால் அனுப்பிவிடுவேன். திரும்பி வருவது ஒன்றாக இருந்தால் நடுவில் பிழை இருக்க வழியில்லை.

உங்கள் மெயிலையும் இப்போது அப்படிப் போட்டுப் பார்த்தேன், நன்றாகத்தான் வருகிறது. கவலைப்படாமல் அனுப்புங்கள்.

மஸ்கெலியா சுகு

எனக்கும் இதே பிரச்சினைதான். அப்பாவின் பெயர் பிறப்புச் சான்றிதழில் சிங்களத்தில் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் ஆங்கிலத்தில் வேறு மாதிரி, சேமலாப நிதிப் பத்திரத்தில் மூன்றாவது மாதிரி. திரும்பத் தமிழில் எழுதச் சொன்னால் எல்லோரும் சரியாக ஒரே பெயரைத்தான் எழுதுகிறார்கள், ஆனால் ஒப்பீஸில் மூன்று ஆள் என்கிறார்கள். இப்படித் திரும்ப மொழிபெயர்த்துக் காட்டினால் ஏற்றுக்கொள்வார்களா?

கண்டி மொழிபெயர்ப்பாளன்

கார்த்தி தம்பி, நீங்கள் இங்கே சோதித்தது அந்தத் தம்பி எழுதிய ஆங்கிலத்தை அல்ல. உங்கள் கருவி தானே ஒரு ஆங்கிலம் எழுதியது, அதையே தான் திரும்ப வாசித்தது. நிலாவின் மெயிலில் போகப்போவது வேறு ஆங்கிலம். அதில் என்ன இருக்கிறது என்று உங்களுக்கு இன்னும் தெரியாது.

"திரும்பி ஒன்றாக வந்தால் பிழை இல்லை" என்பது பாதி உண்மை. திரும்பி வேறாக வந்தால் எங்கேயோ ஏதோ இருக்கிறது, அதை நிச்சயம் போய்ப் பார்க்க வேண்டும். ஒன்றாக வந்தால் சரி என்று மட்டும் சொல்லிவிட முடியாது. ரிச்சர்ட் பிரிஸ்லின் என்ற உளவியலாளர் 1970இலேயே மீள்மொழிபெயர்ப்பு பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அவரே இந்த முறையைப் பரிந்துரைத்தவர், அவரே இது ஏமாற்றும் வழிகளையும் எழுதி வைத்தார். ஒன்று, மொழிபெயர்ப்பவரும் திரும்ப மொழிபெயர்ப்பவரும் ஒரே மாதிரி சொல்லுக்குச் சொல் வைக்கிற பழக்கம் உள்ளவர்களாக இருந்தால், பிழையான சொல் போய் அதே வழியில் சரியான சொல்லாகத் திரும்பிவிடும். இன்னொன்று, திரும்ப மொழிபெயர்ப்பவர் கெட்டிக்காரராக இருந்தால், கோணலான வாக்கியத்தைப் பார்த்ததும் "இதைத்தான் சொல்ல வந்திருப்பார்" என்று நிமிர்த்தி எழுதிவிடுவார். மூன்றாவது, மொழிபெயர்ப்பில் மூலத்தின் இலக்கணம் அப்படியே ஒட்டிக்கிடந்தால், ஆங்கிலம் ஆங்கிலமாகவே இல்லாவிட்டாலும் தமிழுக்கு மிக இலகுவாகத் திரும்பும்.

நிலா, ஒரு விஷயம். தமிழ் மூலத்தை இங்கே போட்டுவிட்டீர்கள், அதனால் இந்த இழையில் இருக்கும் யாரும் இனி அந்த ஆங்கிலத்தைத் திரும்பத் தமிழாக்கப் பொருத்தமில்லை. மூலத்தைப் பார்த்த கண்ணுக்கு ஆங்கிலத்தில் இல்லாததும் தெரியும். மூலத்தைப் பார்க்காத ஒருவரிடம் ஆங்கிலத்தை மட்டும் கொடுங்கள். அவரிடம் இரண்டே விஷயம் சொல்லுங்கள்: அழகாக எழுத வேண்டாம், இருப்பதை இருப்பது மாதிரி எழுதுங்கள். சந்தேகமான இடத்தில் ஊகித்து முடிவெடுக்காமல், இரண்டு அர்த்தம் வருகிறது என்று பக்கத்தில் குறித்துவையுங்கள்.

சுகு, பெயர் விஷயம் வேறு. பெயரை ஒலியை வைத்துத் திரும்ப எழுதுவார்கள், எழுத்துக்கூட்டல் மாறியது அதில் தெரியவே தெரியாது. பெயர், அடையாள அட்டை இலக்கம், தொகை இதையெல்லாம் மொழிபெயர்த்துச் சோதிக்கக் கூடாது, எழுத்து எழுத்தாக, இலக்கம் இலக்கமாகப் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும்.

பண்டாரவளை டீச்சர்

என்னோடு படிப்பிக்கும் ஒருவர் இருக்கிறார், இந்தப் பக்கம் வருவதில்லை. ஆங்கிலத்தைத் தனிச்செய்தியில் எனக்கு அனுப்புங்கள் நிலா, அவரிடம் கொடுக்கிறேன். தமிழை நான் அவருக்குச் சொல்ல மாட்டேன்.

ஆனால் ஐயா, எனக்கு ஒரு மாற்றுக் கருத்து. ஆறு ஏழு வரி மெயிலுக்கு இவ்வளவு சுற்று எதற்கு? இரண்டு மொழியும் தெரிந்த ஒருவர் தமிழையும் ஆங்கிலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தால் வேலை முடிந்துவிடாதா?

கண்டி மொழிபெயர்ப்பாளன்

டீச்சர் சொல்வது சரி, பல இடங்களில் நேரே ஒப்பிடுவதே அதிகப் பிழைகளைப் பிடிக்கும். ஐரோப்பாவில் பல நாடுகளில் ஒரே நேரத்தில் நடக்கும் பெரிய சமூக ஆய்வு ஒன்றில்கூட மீள்மொழிபெயர்ப்பை நம்பி இருக்காமல், இரண்டு பேர் தனித்தனியாக மொழிபெயர்த்து, ஒரு குழுவாக உட்கார்ந்து பேசித் தீர்க்கிறார்கள். ஆனால் இங்கே பெயர் போடுகிறவர் தலைவி. நீங்களும் நானும் ஒப்பிட்டு "சரி அம்மா" என்றால் அவர் எங்களை நம்ப வேண்டும், அவ்வளவுதான். திரும்ப வந்த தமிழை அவர் கையில் கொடுத்தால் அவரே பார்த்து "இது நான் சொன்னதில்லை" என்று விரல் வைக்கலாம். மீள்மொழிபெயர்ப்பின் முக்கியமான பயனே அந்த மொழி தெரியாத சொந்தக்காரருக்கு ஒரு கண் கொடுப்பது. இரண்டையும் செய்யுங்கள்.

ஊவா_கார்த்தி

சரி ஐயா, நான் போட்டது வேறு ஆங்கிலம் என்பது உண்மைதான். ஆனால் நிலா அக்கா அந்தத் தம்பியின் ஆங்கிலத்தைத்தானே போட்டுப் பார்த்தார்? அது சரியாக வந்ததே?

நிலா_தலவாக்கலை

தம்பி, சரியாக "தெரிந்தது". நான் வரிக்கு வரி பார்க்கவில்லை, மொத்தமாக வாசித்தேன். டீச்சருக்கு அனுப்பிவிட்டேன்.

பண்டாரவளை டீச்சர்

வந்துவிட்டது. அவர் எழுதித் தந்ததை ஒரு எழுத்தும் மாற்றாமல் போடுகிறேன்:

"அன்புள்ள ஐயா, எங்கள் மேல் பிரிவில் எந்த லயனுக்கும் தண்ணீர் வருவதில்லை (எல்லாவற்றுக்கும் இல்லை, சிலவற்றுக்கு வருகிறது என்றும் எடுக்கலாம்). தாங்கிக்குப் போகும் குழாய் மூன்று இடங்களில் வெடித்துள்ளது. தோட்டத் துரை சென்ற மாதம் பார்வையிட்டார், ஆனால் அவருடைய அறிக்கை எங்களுக்குக் கிடைக்கவில்லை. புதிய குழாய்களின் செலவை நாங்கள் பகிர்ந்துகொள்வோம். வேலையை மே 15க்குள் முடித்துத் தாருங்கள், அதுவரை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை பவுசரில் தண்ணீர் அனுப்புங்கள். சிறு பிள்ளைகளோடு கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறோம்."

நிலா, தலைவியிடம் இதை வாசித்துக் காட்டுங்கள். நாங்கள் முதலில் எதுவும் சொல்லாமல் இருப்பது நல்லது.

நிலா_தலவாக்கலை

வாசித்தேன். பவுசர் வரியிலேயே நிறுத்திவிட்டார். "இரண்டு வாரத்துக்கு ஒரு தடவையா? கிழமைக்கு இரண்டு தடவை என்றுதானே சொன்னோம்!" அப்புறம் துரை என்று வந்த இடத்தில் "துரை எங்கே வந்தார், வந்தது வெளிக்கள உத்தியோகத்தர்" என்றார். துரை மேல் பழி போட்ட மாதிரி ஆகியிருக்கும், நினைத்தாலே பயமாக இருக்கிறது. செலவு வரியைப் பார்த்து "இது என்ன, நாங்களே எல்லாக் காசும் போடுகிறோம் என்று இருக்கிறதே" என்றார்.

இதெல்லாம் அந்தத் தம்பியின் பிழையா, இல்லை திரும்ப எழுதியவருடைய பிழையா? எப்படித் தெரிந்துகொள்வது?

கண்டி மொழிபெயர்ப்பாளன்

அதற்கு ஆங்கிலத்தைத் திறந்துதான் பார்க்க வேண்டும். வேறுபாடு வந்தால் இடம் மூன்றில் ஒன்று: போகும்போது பிழைத்தது, வரும்போது பிழைத்தது, அல்லது உங்கள் தமிழே இரண்டு பக்கமும் திரும்பக்கூடியதாக இருந்தது. டீச்சரிடம் ஆங்கிலம் இருக்கிறது, நானும் வாங்கிப் பார்த்தேன். ஒவ்வொன்றாக வருகிறேன்.

பவுசர். தம்பி "பைவீக்லி" என்ற சொல்லைப் போட்டிருக்கிறார். ஆங்கிலத்திலேயே அந்தச் சொல் கிழமைக்கு இரண்டு தடவைக்கும் வரும், இரண்டு கிழமைக்கு ஒரு தடவைக்கும் வரும், அகராதியே இரண்டையும் சொல்லும். அவர் மனதில் இருந்தது சரியானதுதான், வாசிப்பவர் எடுத்தது மற்றது. கம்பெனியும் மற்றதை எடுத்தால் உங்களுக்கு மாதத்துக்கு எட்டு பவுசருக்குப் பதில் இரண்டுதான் வரும். "ஒவ்வொரு கிழமையும் இரண்டு தடவை" என்று நீட்டி எழுதச் சொல்லுங்கள், முடிந்தால் எந்தெந்த நாள் என்றும் போடுங்கள். செவ்வாயும் வெள்ளியும் என்று எழுதினால் யாராலும் வேறு மாதிரி வாசிக்க முடியாது.

துரை. உங்கள் தமிழில் "வந்து பார்த்தார்" என்று மட்டும் இருக்கிறது, யார் என்று இல்லை. தமிழில் எழுவாய் இல்லாமல் நிற்கும், தோட்டத்துக்குள் எல்லோருக்கும் தெரியும். ஆங்கிலத்தில் ஒருவரைப் போட்டே ஆக வேண்டும், தம்பி தனக்குத் தோன்றியவரைப் போட்டார். இது தமிழில் திருத்த வேண்டியது. பதவியையும் திகதியையும் எழுதிவிடுங்கள்.

செலவு. இதுதான் பெரியது. நீங்கள் எழுதிய "நாம்" கம்பெனியையும் சேர்த்தது. ஆங்கிலத்தில் அந்த வித்தியாசம் கிடையாது, ஒரே சொல்தான். அதைத் திரும்ப எடுத்தவர் "நாங்கள்" என்று எடுத்தார், அதாவது குடும்பங்கள் தங்களுக்குள் பிரித்துப் போடுகிறார்கள். இரண்டு வாசிப்பும் ஆங்கிலத்தில் நியாயமானவை. இதில் "பகிர்ந்துகொள்ளலாம்" வேறு, ஒரு யோசனையாகச் சொன்னது "பகிர்ந்துகொள்வோம்" என்று வாக்குறுதியாகவே திரும்பி வந்துவிட்டது. "கம்பெனியும் குடும்பங்களும்" என்று பெயர் சொல்லி எழுதுங்கள், எந்தப் பங்கு யாருக்கு என்றும் எழுதுங்கள்.

பண்டாரவளை டீச்சர்

ஐயா சொல்லாத ஒன்று. மே 15. திரும்பி வந்த தமிழில் "15க்குள்" என்று சரியாக இருக்கிறது. ஆனால் ஆங்கிலத்தில் அந்த இடத்தில் இருப்பது "வரை" என்று பொருள் தரும் சொல். அதாவது மே 15 வரை வேலை செய்துகொண்டே இருங்கள், அதன் பிறகு விட்டுவிடலாம் என்றும் ஆங்கிலத்தில் நிற்கும். நம் பிள்ளைகள் ஆங்கிலம் எழுதும்போது பரீட்சைத் தாளில் நான் அடிக்கடி சிவப்பு மையில் வட்டம் போடும் இடம் இதுதான். என் நண்பரிடம் கேட்டேன், "அப்படித்தான் இருந்தது, ஆனால் அவர்கள் சொல்ல வந்தது 'க்குள்' என்று விளங்கியது, அப்படியே எழுதிவிட்டேன்" என்றார். இருப்பதை இருப்பது மாதிரி எழுதுங்கள் என்று சொல்லித்தான் கொடுத்தேன், அப்படியும் கை திருத்திவிடுகிறது.

கண்டி மொழிபெயர்ப்பாளன்

அருமை டீச்சர், நான் இரண்டாவதாகச் சொன்ன வழி இதுதான். திரும்ப வந்த தமிழை மட்டும் பார்த்திருந்தால் இது யாருக்கும் பட்டிருக்காது. நேரே ஒப்பிட வேண்டும் என்ற உங்கள் வாதம் இந்த வரியில் வென்றது.

கடைசி வரியையும் பாருங்கள். "கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறோம்" அச்சுப் பிசகாமல் திரும்பி வந்திருக்கிறது, தலைவியும் அதில் ஒன்றும் சொல்லவில்லை. ஆங்கிலத்தில் தம்பி போட்டது ரொட்டிக்கு மாப் பிசையும் வினை. கொழும்பில் ஒரு அதிகாரி அதை வாசித்தால் இந்த மக்கள் கையை என்ன செய்கிறார்கள் என்று விழிப்பார். சொல்லுக்குச் சொல் போனதால் சொல்லுக்குச் சொல் திரும்பியது. முழு மெயிலிலும் மிக ஒழுங்காகத் திரும்பிய வரி இதுதான், ஆங்கிலத்தில் மிக மோசமான வரியும் இதுதான்.

ஊவா_கார்த்தி

அப்போது நான் ஒன்றாக வந்தால் சந்தோஷப்பட்டது எல்லாம் இந்த மாதிரி வரிகளாக இருந்திருக்கலாம். அப்படியென்றால் விருந்தினருக்கு அனுப்பும் மெயிலில் தொனி எப்படி இருக்கிறது என்று இந்த முறையில் பார்க்க முடியுமா? மரியாதையாக இருக்கிறதா, அதட்டுகிற மாதிரி இருக்கிறதா என்று?

பண்டாரவளை டீச்சர்

என் அனுபவத்தில் முடியாது தம்பி. ஆங்கிலம் எவ்வளவு கடுமையாக இருந்தாலும், தமிழில் ஐயாவுக்கு எழுதும்போது நம் கை தானாகவே "தாருங்கள், அனுப்புங்கள்" என்று போய்விடும். மரியாதை திரும்பும் வழியில் ஒட்டிக்கொள்கிறது. தொனிக்கு ஆங்கிலத்திலேயே புழங்குகிற ஒருவர் வாசித்துச் சொல்ல வேண்டும்.

மஸ்கெலியா சுகு

முதல் வரியை யாரும் பேசவில்லையே. எல்லா லயன்களுக்கும் தண்ணீர் இல்லையா, சில லயன்களுக்கு மட்டும் இல்லையா? நான் அக்காவின் தமிழை வாசித்தபோது ஒரு சொட்டும் வரவில்லை என்றுதான் நினைத்தேன்.

நிலா_தலவாக்கலை

இல்லை சுகு, பீலிக்குப் பக்கத்தில் இருக்கும் இரண்டு லயனுக்கு வருகிறது. மேலே இருக்கும் நாலு லயனுக்குத்தான் வருவதில்லை. எங்களுக்கு அது அவ்வளவு தெளிவாகத் தெரிந்ததால் அப்படியே எழுதினோம்.

கண்டி மொழிபெயர்ப்பாளன்

நல்ல இடம் பிடித்தீர்கள் சுகு. இது மூன்றாவது வகை, தமிழே இரண்டு பக்கமும் திரும்புகிறது. டீச்சரின் நண்பர் அடைப்புக்குள் குறித்துவைத்ததால் தெரிந்தது. கம்பெனியிலிருந்து ஒருவர் வந்து, கீழ் லயனில் பீலி ஓடுவதைப் பார்த்தால் "எந்த லயனுக்கும் இல்லை என்று பொய் எழுதியிருக்கிறார்கள்" என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். "ஆறு லயன்களில் மேலே உள்ள நான்குக்குத் தண்ணீர் வருவதில்லை" என்று மூலத்தையே மாற்றுங்கள். தமிழ் மூலம் கல்வெட்டு இல்லை, மொழிபெயர்ப்பில் தெரிய வந்த ஓட்டையை மூலத்தில் அடைப்பதற்கு வெட்கப்பட வேண்டாம்.

திருத்தியதும் அதே நண்பரிடம் கொடுக்காதீர்கள் டீச்சர், அவருக்கு இப்போது கதை தெரியும். வேறொருவர் வேண்டும். மாறிய வரிகளை மட்டும் துண்டாகக் கொடுக்காமல் முழுவதையும் கொடுங்கள், "அதுவரை" என்பது எதுவரை என்று முன் வரியைப் பார்த்தால்தான் தெரியும்.

இந்தத் தடவை மொழிபெயர்க்கச் சொல்வதற்கு முன்னால் ஆங்கிலத்தை வாசிக்கவிட்டுச் சில கேள்விகள் கேளுங்கள். எத்தனை லயனுக்குத் தண்ணீர் இல்லை? வந்து பார்த்தது யார்? பைப்புக்கு யார் காசு கொடுப்பது? எப்போது முடிய வேண்டும்? அதுவரை எந்தெந்த நாள் பவுசர்? கேள்விக்குப் பதில் சொல்லும்போது வாக்கியத்தை நிமிர்த்தி எழுதி மறைக்க இடம் இல்லை, பதில் ஒன்று சரி, இல்லையென்றால் பிழை. "இதில் சொல்லவில்லை" என்று அவர் சொன்னால் அதுவும் உங்களுக்குத் தேவையான பதில்தான்.

நிலா_தலவாக்கலை

மிக்க நன்றி ஐயா, டீச்சர், எல்லோருக்கும். தலைவியோடு உட்கார்ந்து தமிழைத் திருத்திவிட்டேன்:

"எமது மேல் டிவிஷனில் ஆறு லயன்கள் உள்ளன. மேலே உள்ள நான்கு லயன்களுக்குத் தண்ணீர் வருவதில்லை. தாங்கிக்கு வரும் பைப் மூன்று இடத்தில் வெடித்திருக்கிறது. வெளிக்கள உத்தியோகத்தர் ஏப்ரல் 4ஆம் திகதி வந்து பார்த்தார். அவருடைய அறிக்கை எமக்கு இன்னும் கிடைக்கவில்லை. பைப் மாற்றும் வேலை மே 15ஆம் திகதியோ அதற்கு முன்போ முடிய வேண்டும். வேலை முடியும்வரை ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் வெள்ளிக்கிழமையும் பவுசரில் தண்ணீர் அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறோம். இந்த நான்கு லயன்களிலும் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள், குடிக்கத் தண்ணீர் எடுக்கப் பக்கத்தில் வேறு இடம் இல்லை."

செலவு வரியை மட்டும் விட்டுவைத்திருக்கிறேன். கம்பெனி பைப் வாங்கித் தர, குழி வெட்டும் வேலையை நாங்கள் செய்வது என்றுதான் நான் நினைத்திருந்தேன். தலைவி பாதிப் பாதி காசு என்று நினைத்திருக்கிறார். இன்னொரு அக்கா நாங்கள் எதுவும் கொடுப்பதாகப் பேசவே இல்லை என்கிறார். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் பேசிவிட்டுத்தான் எழுத முடியும்.

கண்டி மொழிபெயர்ப்பாளன்

அதைப் பேசி முடிக்கும்வரை அந்த வரியை ஆங்கிலமாக்கக் கொடுக்க வேண்டாம். அவசரம் என்றால் செலவு வரி இல்லாமலே அனுப்புங்கள், அதைத் தனி மெயிலில் பிறகு எழுதலாம்.

ஊவா_கார்த்தி

அதை ஒத்துக்கொள்ள முடியவில்லை ஐயா. செலவில் பங்கெடுக்கத் தயார் என்று முதல் மெயிலிலேயே சொன்னால்தான் கம்பெனி திரும்பிப் பார்க்கும்.

பண்டாரவளை டீச்சர்

அது சங்கம் தீர்மானிக்கட்டும். அந்தத் தம்பி புது ஆங்கிலம் தந்ததும் எனக்கு அனுப்புங்கள் நிலா, பதுளையில் என் மச்சாளிடம் கொடுக்கிறேன், அவளுக்கு இந்தக் கதை ஒன்றும் தெரியாது. ஐயாவின் கேள்விகளையும் எழுதி வைத்திருக்கிறேன். கடைசி வரியில் கை பிசைவதை எடுத்துவிட்டு இருக்கும் நிலைமையைச் சொன்னீர்களே, அதற்கு ஆங்கிலம் நன்றாக வரும்.

மஸ்கெலியா சுகு

அக்கா, மெயிலின் கீழே தலைவியின் பெயரை அடையாள அட்டையில் இருக்கிற எழுத்துக்கூட்டலிலேயே போடச் சொல்லுங்கள். அந்தத் தம்பி காதில் விழுந்தபடி எழுதியிருக்கப் போகிறார்.

நிலா_தலவாக்கலை

பார்த்தேன் சுகு. அடையாள அட்டையில் கடைசியில் ஒரு எழுத்து அதிகம் இருக்கிறது, தம்பிக்கு இப்போதே அனுப்புகிறேன்.